கயலுக்கு, நெற்றியோர முடி பற்றி

கடலூர்,
மஞ்சக்குப்பம்.

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லாரும் நலம். அம்மாவுக்குக் கால்வலி பரவாயில்லை.

குட்டியின் பள்ளி விழா போட்டோ வந்தது. குட்டியைப் பார்ப்பதற்கு முன்னால் என் கண் உன் நெற்றிக்குப் போய்விட்டது. காதுக்கு மேலே இரண்டு பக்கமும் முடி மெலிந்து தோல் தெரிகிறது. வெளிச்சம் அப்படி விழுந்திருக்கும் என்கிறாள் அம்மா. அவளுக்குக் காலை டியூட்டி இருந்த நாளெல்லாம் அந்தத் தலையைப் பின்னிவிட்டவன் நான், எனக்குத் தெரியாதா?

ஜிம்முக்கு உச்சியில் இறுக்கிக் குதிரைவால் போடுகிறாய், வந்து தலைக்குக் குளித்து ஈரத்தோடு கொண்டை போட்டு மேலே ஹெல்மெட் மாட்டுகிறாய் என்று குட்டி போனில் சொன்னாள். நெற்றியோர முடி மெல்லியது. தினமும் ஒரே பக்கம் இழுத்தால் முதலில் தளர்வது அதன் வேர்தான். ஈர முடி ரப்பர் மாதிரி நீளும், அதனால் இறுக்கம் கைக்குத் தெரியாது. நீண்டது பட்டென்று அறுந்துபோகும்.

தலைக்குக் குளிப்பதைச் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்ததும் வைத்துக்கொள், படுப்பதற்குள் காய்ந்துவிடும். காலையில் அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து சிக்கெடுத்து மேலே வா. பின்னலைப் பிடரியில் ஆரம்பி. முதல் இரண்டு மடிப்பைத் தளர விட்டு, அதற்குக் கீழே வழக்கம்போலப் பின்னு. அடியில் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். நுனியில் மூன்று விரல் அளவு விட்டு, துணி சுற்றிய பேண்டைப் போடு. காய்கறிக் கட்டுக்குப் போடும் ரப்பர் வேண்டவே வேண்டாம், கழற்றும்போது முடியையும் பிடுங்கிக்கொண்டு வரும். அப்புறம் புருவத்தைத் தூக்கிப் பார். நெற்றித் தோல் இழுத்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி பின்னு. பின்னல் தாழ இருந்தால் ஹெல்மெட்டும் சரியாக உட்காரும்.

ஜிம்முக்கும் இதே பின்னல் போதும். குதித்தால் அடிக்கிறது என்றால் சட்டைக்குள் விட்டுக்கொள். முடிந்ததும் அவிழ்த்து, ஃபேனுக்குக் கீழே வியர்வை காய்ந்த பிறகு ஆபீசுக்குப் பின்னு. பேண்டு விழும் இடத்தை நேற்றைக்கு இன்றைக்கு கொஞ்சம் மேலே கீழே மாற்று. அவிழ்க்கும்போது மண்டை வலித்தாலோ, வேரில் சின்னச் சின்னப் பரு மாதிரி வந்தாலோ இறுக்கியது போதும் போதும் என்று தலை சொல்வதாக எடுத்துக்கொள். இப்போதே தளர்த்தினால் பெரும்பாலும் முளைத்து வரும். வருஷக்கணக்கில் விட்டால் அந்த இடம் வழவழவென்று ஆகிவிடும், பிறகு வராது. பெரியத்தை எண்ணெய் காய்ச்சி அனுப்புகிறாள். தேய், சிக்கு குறையும். ஆனால் இறுக்கிக் கட்டுவதற்கு எண்ணெய் மருந்தில்லை.

குட்டிக்கும் மடித்துக் கட்டும் இரட்டைச் சடைதானே? ரிப்பனை மடிப்பின் மேல் இறுக்காதே, அந்த மடிப்பில்தான் முடி அறும். பள்ளி விட்டு வந்ததும் அவிழ்த்து விடு. உனக்கு அப்படித்தான் செய்தேன். பிளஸ் டூ முடிக்கும்போது இடுப்பைத் தாண்டி இருந்தது உன் சடை, தெருவே பார்க்கும்.

இன்னொன்று. இதை மட்டும் தட்டாமல் செய். சீப்பில் வரும் முடியை ஒரு நாள் எடுத்து வைத்துப் பார். குட்டை குட்டையாக, இரண்டு முனையிலும் ஒன்றுமில்லாமல் இருந்தால் அறுந்தது. அதற்குப் பின்னலை மாற்றினால் போதும். முழு நீளத்துக்கு, ஒரு முனையில் வெள்ளையாகக் குண்டூசித் தலை போல இருந்தால் வேரோடு உதிர்ந்தது. நாலைந்து அப்படி வருவது எல்லாருக்கும் உண்டு. கைகொள்ளாமல் தலை முழுக்க உதிர்ந்தால் கட்டியதால் இல்லை. கடும் காய்ச்சலோ, பெரிய மனக்கஷ்டமோ வந்து போய் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி அப்படிக் கொட்டும்.

பொங்கலுக்கு நீ வரவில்லை. மாப்பிள்ளைக்கு லீவு இல்லை என்றாய், சரி. அதற்கப்புறம் வீடியோவில் வருவதையும் விட்டுவிட்டாய். அம்மா கேட்டால் நெட் சரியில்லை என்கிறாய். போட்டோவில் மாப்பிள்ளையும் இல்லை. நான் எதுவும் கேட்கவில்லை. முடியைப் பார்த்து எந்த மாதிரி என்று மட்டும் எனக்கு எழுது. கைகொள்ளாமல் வேரோடு வருவதாக இருந்தால் தோல் டாக்டரிடம் காட்ட வேண்டும், நானே கூட வருகிறேன். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றால் சொல்லமாட்டேன்.

திங்கட்கிழமைக்குள் பதில் வரவில்லை என்றால் செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிவிடுவேன். பெரியத்தையின் எண்ணெயையும் கையோடு கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
அப்பா