ஊருணி நீரும் வரத்துக்கால் நீரும்

ஆசிரியருக்கு,

எங்கள் செட்டிநாட்டுப் பகுதியில் சர்க்கரை நோயாளிகள் கூடிவிட்டதால் நோய் வேகமாகப் பரவுகிறது என்று தங்கள் நாளிதழ் எழுதியிருந்தது. அந்த முடிவு சரியல்ல. ஊருணியில் தேங்கியிருக்கும் நீர் வேறு, இந்த மழையில் வரத்துக்கால் கொண்டுவந்த நீர் வேறு. முன்னது நோயோடு வாழும் அனைவரையும் சொல்லும் பரவல் வீதம், பின்னது புதிய நோயாளிகளைச் சொல்லும் நிகழ்வு வீதம். பத்தாயிரம் பேர் வாழும் ஓர் ஊரில் 1,000 பேருக்குச் சர்க்கரை நோய் என்று கொள்வோம். ஓராண்டில் 90 பேருக்குப் புதிதாக வருகிறது, நோயாளிகளில் 40 பேர் இறக்கிறார்கள், தொகை 1,050. மறு ஆண்டு புதியவர்கள் 80 ஆகக் குறைந்தாலும், நல்ல சிகிச்சையால் இறப்பு 30 ஆனால், தொகை 1,100. நோய் வருவது குறைந்திருக்கிறது. நோயோடு வாழ்பவர்கள் கூடியிருக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர் நான். மாத்திரை வாங்க வந்த ஆச்சி ஒருவரின் அட்டை மடிப்பெல்லாம் கிழிந்து, இருபதாண்டுச் சர்க்கரை அளவுகளைச் சுமந்திருந்தது. அவர் உயிரோடு இருப்பதும் அந்தக் கூடுதலில் அடக்கம். மருத்துவ முகாம்களில் முதன்முறையாகக் கண்டறியப்படுவோரிலும் பலருக்கு நோய் ஆண்டுக்கணக்கில் இருந்திருக்கும். எனவே, மொத்த நோயாளிகளையும், முந்தைய பரிசோதனையில் நோயில்லாதிருந்து இவ்வாண்டு நோயுற்றவர்களையும் சுகாதாரத் துறை தனித்தனியே வெளியிட வேண்டும். தாங்களும் அவ்வாறே அச்சிட வேண்டுகிறேன்.

– ஓய்வுபெற்ற செவிலியர், பள்ளத்தூர்