77.8-க்குப் பக்கத்தில் 24, 106 என்றும் எழுதுங்கள்

மருத்துவ ஆராய்ச்சி நிறுவனங்களில் செய்திக்குறிப்பு எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு தமிழ் நாளிதழில் துணையாசிரியர். நீங்கள் அனுப்பும் குறிப்பு பெரும்பாலும் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் என் மேசைக்கு வரும். ஒன்பதரைக்குள் பக்கத்தை முடித்தாக வேண்டும். மூலக் கட்டுரையைத் திறந்து படிக்க எங்கே நேரம்? முதல் பத்தியில் நீங்கள் எந்த எண்ணை வைக்கிறீர்களோ, அதுதான் மறுநாள் தலைப்பு.

நம் எல்லாருக்கும் நினைவிருக்கும் கோவேக்சினையே எடுத்துக்கொள்கிறேன். அதன் மூன்றாம் கட்ட ஆய்வு 2021 நவம்பரில் லான்செட் இதழில் வந்தது. செயல்திறன் 77.8 சதவீதம். இதைப் படித்துவிட்டு, “அப்படியென்றால் ஊசி போட்ட நூறு பேரில் 22 பேருக்கு கொரோனா வருமா?” என்று கேட்டவர்கள் ஏராளம். டீக்கடையில் மட்டுமல்ல, எங்கள் அலுவலகத்திலும் கேட்டார்கள்.

வராது. கட்டுரையிலேயே விடை இருக்கிறது. செயல்திறன் கணக்கில் சேர்த்தவர்களில், தடுப்பூசி போட்டுக்கொண்ட 8,471 பேரில் 24 பேருக்கு அறிகுறிகளோடு நோய் வந்தது. தடுப்பு மருந்து இல்லாத போலி ஊசி போட்ட 8,502 பேரில் 106 பேருக்கு வந்தது. அதாவது ஆயிரத்துக்குச் சுமார் 12 பேர் என்பது சுமார் 3 பேராகக் குறைந்தது. அந்தக் குறைவின் விகிதம்தான் 77.8. சதவீதத்தை மட்டும் கொடுத்தால் வாசகர் தானாக ஒரு கணக்குப் போட்டுக்கொள்வார், அது தப்பாகத்தான் இருக்கும். 24, 106 என்று பக்கத்திலேயே இருந்தால் அப்படித் தப்பாகக் கணக்குப் போட வழியில்லை. கூடவே ‘ஆய்வு நடந்த அந்தச் சில மாதங்களில்’ என்றும் சேருங்கள். தொற்று இன்னும் வேகமாகப் பரவும் காலத்தில் அந்த 12 ஏறும், 3-உம் ஏறும்.

அப்புறம், நம்பிக்கை இடைவெளி, அதாவது ஆய்வின் தரவோடு பொருந்தும் மதிப்புகளின் வீச்சு. பெரும்பாலான குறிப்புகளில் இது காணாமல் போகிறது, அல்லது கடைசிப் பக்க அட்டவணையில் கிடக்கிறது. அதே ஆய்வில் தீவிர நோய்க்கு எதிரான செயல்திறன் 93.4 சதவீதம். 77.8-ஐ விடப் பெரிய எண், தலைப்புக்கு இழுக்கும். ஆனால் அது எத்தனை பேரை வைத்து வந்தது? மொத்தம் 16 பேர்: தடுப்பூசிப் பக்கம் ஒருவர், மறுபக்கம் 15 பேர். தடுப்பூசிப் பக்கம் இன்னும் ஒரே ஒருவர் கூடியிருந்தால் 93 என்பது ஏறக்குறைய 87 ஆகியிருக்கும். அதனால்தான் இடைவெளி 57.1 முதல் 99.8 வரை அகன்று கிடக்கிறது. 130 பேரை வைத்துக் கணக்கிட்ட 77.8-க்கோ 65.2 முதல் 86.4 வரைதான். பெரிய எண்தான் இங்கே ஆட்டம் அதிகமுள்ள எண். ‘93.4’ என்று தனியாக அச்சிடும்போது, அந்தத் தசமப் புள்ளியே ஒரு பொய்த் துல்லியத்தைத் தருகிறது.

இதை விளக்க நீங்கள் புள்ளியியல் பாடம் நடத்த வேண்டாம். ‘ஆய்வின் தரவு 57 முதல் கிட்டத்தட்ட 100 வரையான செயல்திறனோடு பொருந்துகிறது, நோயாளிகள் 16 பேரே என்பதால் வீச்சு அகலம்’ என்றால் போதும், அப்படியே போட்டுவிடுவேன். ‘உண்மையான மதிப்பு இதற்குள் இருக்க 95 சதவீத வாய்ப்பு’ என்று மட்டும் எழுதாதீர்கள். அந்த 95, கணக்கிடும் முறையைப் பற்றியது: இதே ஆய்வைப் பலமுறை நடத்தினால், கிடைக்கும் இடைவெளிகளில் நூற்றுக்கு 95 உண்மை மதிப்பை உள்ளே பிடித்திருக்கும். கையிலிருக்கும் இந்த ஒன்று பிடித்ததா இல்லையா என்பது வேறு.

இன்னொன்று, ‘பாதுகாப்பானது’ என்ற ஒற்றைச் சொல். இந்த ஆய்வில் பாதக விளைவு சொன்னவர்கள் இரு பக்கமும் சரியாக 1,597 பேர், 12.4 சதவீதம். நல்ல செய்திதான், தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் இந்தப் பாதுகாப்புக் கணக்கில் தடுப்பூசிப் பக்கம் இருந்தவர்கள் 12,879 பேர். ஓர் அரிய விளைவு அவர்களில் ஒருவருக்கும் வரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். புள்ளியியலாளர்களின் எளிய கணக்குப்படி மூன்றை அந்த எண்ணிக்கையால் வகுத்தால், அது சுமார் 4,300 பேரில் ஒருவருக்கு மேல் வர வாய்ப்பு குறைவு என்றுதான் சொல்ல முடியும். லட்சத்தில் ஒருவருக்கு வருவது இந்த வலையில் சிக்காது. ‘இத்தனை பேரில் இன்னின்னது தெரியவில்லை, மிக அரிதானவற்றைக் காண இந்த எண்ணிக்கை போதாது’ என்று எழுதினால் பிறகு யாரும் மறுப்புச் செய்தி போட வேண்டியிருக்காது.

கடைசியாக, குறிப்பின் அடியில் ஒரு தொலைபேசி எண் போடுகிறீர்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு அதை எடுக்கிற ஒருவரின் எண்ணாக இருக்கட்டும். அந்த ஆய்வின் புள்ளியியலாளர் என்றால் ரொம்ப நல்லது.

அன்புடன்,
ஒரு துணையாசிரியர்