‘சேவை வரி’ என்று எழுதாதீர்கள்: செட்டிநாட்டு விடுதிக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கானாடுகாத்தான், காரைக்குடி, ஆத்தங்குடிப் பக்கம் பழைய வீடுகளை விடுதியாக நடத்தும் அண்ணன்மார், அக்காமார், மேனேஜர்மார் எல்லாருக்கும் வணக்கம்.

உங்கள் விருந்தாளிகளுக்கு ஊரையும் வீடுகளையும் சுற்றிக் காட்டுகிற ஆள் நான். பிரெஞ்சுக்காரர்கள் வந்தால் மொழிபெயர்ப்பும் என் தலையில்தான். கிளம்புகிற நாள் காலையில் பெட்டி முற்றத்துக்கு வந்துவிடும், கார் வாசலில் நிற்கும். அந்த நேரம் பார்த்து பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிடுவார்கள். அப்படி ஒரு காலையில் நடந்ததைச் சொல்லத்தான் இந்த மடல்.

பினாங்கிலிருந்து ஒரு ஆச்சியும் பேரனும் பூர்வீக வீட்டைப் பார்க்க வந்து, வெள்ளி, சனி இரண்டு இரவும் ஒரு விடுதியில் தங்கினார்கள். எந்த விடுதி என்பது இங்கே வேண்டாம். ஆச்சிக்கு இங்கிலீஷ் பில் புரியாது என்று யாரோ நல்ல மனதோடு தமிழில் ஒரு அட்டை எழுதி வைத்திருந்தார்கள். பில்லில் ‘Service Charge 10%’ என்று இருந்ததற்கு நேரே அட்டையில் ‘சேவை வரி 10%’ என்று இருந்தது. பேரன் முகம் சுளித்தான். ஆச்சி அவனை அடக்கினார்: “வரின்னா கட்டித்தானே ஆகணும், பேசாம இருப்பா.”

தப்பு அங்கேதான் நடந்தது. அது வரியே இல்லை. சேவை வரி என்று ஒன்று இந்த நாட்டில் இருந்தது உண்மை. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்ததும் அது போய்விட்டது. சர்வீஸ் சார்ஜ் வேறு சங்கதி: அரசாங்கத்துக்குப் போகாமல் விடுதியிலேயே நிற்கிற காசு, விருந்தாளி விரும்பினால் கொடுப்பது. அதை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது, வேறு பெயர் வைத்தும் வாங்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்தது. டெல்லி உயர் நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. ஆக, ஒரே ஒரு சொல்லை மாற்றி எழுதியதால் வேண்டாம் என்று சொல்லக்கூடிய தொகை, வாயைத் திறக்க முடியாத தொகையாகிவிட்டது. ‘சேவைக் கட்டணம்’ என்று எழுதினாலும் பாதித் தப்புதான். கட்டணம் என்றாலே கட்ட வேண்டியது என்றுதான் நம் காதில் விழுகிறது. பில்லில் சேர்க்காமல், விருந்தாளி விரும்பிக் கொடுப்பதை வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் ‘பணியாளர்களுக்கு அன்பளிப்பு, விருப்பமிருந்தால் மட்டும்’ என்று எழுதுங்கள். பிரெஞ்சுக்காரர்களிடம் நான் ‘பூர்புவார்’, அதாவது டிப்ஸ், என்று சொல்லிவிடுவேன். ‘சர்வீஸ்’ என்று சொன்னால் அவர்கள் ஊர் வழக்கப்படி அது சாப்பாட்டு விலைக்குள்ளேயே இருக்கிறது என்று நினைப்பார்கள், எதற்கு இரண்டாம் தடவை என்று கேட்பார்கள். மலேசியாக்காரர்களுக்கு பில்லில் சர்வீஸ் சார்ஜ் பழகிப்போன ஒன்று. அதனால்தான் பேரன் தொகையைக் குறை சொல்லவில்லை, “இது டேக்ஸ் இல்லையே அண்ணே” என்று மட்டும் கேட்டான்.

சரி, ஆச்சியின் பில் முழுவதையும் பார்ப்போம். வெள்ளி இரவு அறை வாடகை 7,200, சனி இரவு 8,000. ஒரே அறை, ஒரே கட்டில். ஆனால் வெள்ளிக்கு ஜிஎஸ்டி 360, சனிக்கு 1,440. கணக்கு சரிதான். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 வரை இருந்தால் 5 சதவீதம், அதைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் 18 சதவீதம். வாடகை 800 கூடியதற்கு வரி 1,080 கூடிவிட்டது. இதை பில்லில் யாரும் எழுதுவதில்லை. சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று வெள்ளிக்கு இரண்டு 180, சனிக்கு இரண்டு 720 வரிசையாக நின்றன. ஒரே தொகை இரண்டிரண்டு தடவை இருப்பதைப் பார்த்த ஆச்சி, கம்ப்யூட்டர் தவறுதலாக இரண்டு முறை போட்டுவிட்டது என்று நினைத்தார். அந்த இரண்டு வரிகளையும் பில்லில் ஒன்றாக்க உங்களால் முடியாது, தனித்தனியாகக் காட்டத்தான் வேண்டும். ஆனால் அட்டையில் ‘அறைக்கு ஜிஎஸ்டி: பாதி மத்திய அரசுக்கு, பாதி தமிழ்நாட்டுக்கு’ என்று ஒரே வாக்கியமாக எழுதலாமே. மலேசியாவிலிருந்து வந்தாலும் கேரளாவிலிருந்து வந்தாலும் அறைக்கு இதே இரண்டு பாதிதான், ஏனென்றால் வீடு இருப்பது இங்கே. ஏர்போர்ட்டில் திரும்பக் கிடைக்குமா என்றும் கேட்பார்கள். அறைக்கும் சாப்பாட்டுக்கும் கிடைக்காது.

அப்புறம் சாப்பாடு. விருந்து 3,000. அதன்மேல் அந்த 10 சதவீதம், 300. இரண்டையும் கூட்டி 3,300-க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி போட்டு 594. “முந்தாநாள் காரைக்குடி மெஸ்ஸில் 5 சதவீதம்தானே போட்டாங்க, இங்கே என்ன தம்பி 18?” என்றார் ஆச்சி. நியாயமான கேள்வி. முந்தைய நிதியாண்டில் எந்த அறையாவது நாளைக்கு 7,500-க்கு மேல் போயிருந்தால், அந்த வளாகத்துக்குள் இருக்கும் உணவகத்துக்கு 18 சதவீதம். ஆச்சி 7,200 ரூபாய் அறையில் படுத்துக்கொண்டு சாப்பிட்டாலும் அதேதான். அதனால்தான் வெள்ளிக்கிழமை அறைக்கு 5-ம், அதே பில்லில் சாப்பாட்டுக்கு 18-ம் வந்து நிற்கின்றன. இதைச் சொல்லாவிட்டால் ஏமாற்று வேலை மாதிரியே தெரியும்.

கடைசியாக ‘Paid Out 1,800’. பில்லில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். பேரன் இதைப் பார்த்துவிட்டு, “இது ஏற்கெனவே கட்டியாச்சு, கழிச்சுடுங்க” என்றான். கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும். பிள்ளையார்பட்டிக்குப் போய் வந்த கார்க்காரருக்கு ஆபீஸில் எடுத்துக் கொடுத்த பணம் அது. நம் அட்டை எழுதியவரும் ‘செலுத்தப்பட்டது’ என்றே மொழிபெயர்த்திருந்தார். ‘உங்களுக்காக கார்க்காரருக்கு நாங்கள் கொடுத்தது’ என்று எழுதியிருந்தால் வாக்குவாதமே வந்திருக்காது.

மொத்தம் 22,694. சர்வீஸ் சார்ஜ் வேண்டாம் என்று நான் சொன்னதும், ஆபீஸ் தம்பி மறுபேச்சில்லாமல் 300-ஐ எடுத்துவிட்டார். 22,394 ஆனது. ஆனால் அந்த 300-க்குப் போட்ட வரி 54 அப்படியே நின்றது. ஜிஎஸ்டி வரியில் இன்னும் 594 என்றே இருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது. 3,000-க்கு 540-தானே வர வேண்டும்? பில்லை மறுபடி போட்டதும் 22,340. உங்கள் ஆட்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள்: சர்வீஸ் சார்ஜை எடுத்தால் கீழே இருக்கும் ஜிஎஸ்டியும் குறைய வேண்டும். குறையாவிட்டால் எடுத்தது அரைகுறை.

பில் மெஷினில் தமிழ் கட்டம் கட்டமாக விழும் என்பீர்கள், தெரியும். பில் அப்படியே இருக்கட்டும். அரைத்தாளில் ஒரு விளக்கச் சீட்டு அச்சடித்து பில்லோடு பின் அடித்துக் கொடுத்தால் போதும். பில்லில் உள்ள இங்கிலீஷ் எழுத்தை முதலில் அப்படியே போட்டு, பக்கத்தில் பணம் யாருக்குப் போகிறது, கட்டாயமா இல்லையா என்று இரண்டை மட்டும் எழுதுங்கள். சொல்லுக்குச் சொல் வேண்டாம். எழுதியதும் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கொடுத்து, இதில் எதை வேண்டாம் என்று சொல்லலாம் என்று கேட்டுப் பாருங்கள். சரியான இடத்தில் விரலை வைத்தால் அச்சுக்குக் கொடுக்கலாம். பிரெஞ்சுச் சீட்டு வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். ஆச்சியின் பழைய பில்லும் என்னிடம்தான் இருக்கிறது, பார்க்க வேண்டும் என்றால் சொல்லுங்கள், பெயரை மறைத்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
காரைக்குடியிலிருந்து உங்கள் வழிகாட்டி ஒருவன்