மைக்ராஸ்கோப் கேமராவில் படம் மங்கல் என்ற புகார்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள அறிவியல் ஆசிரியர்களுக்கும் ஆய்வக உதவியாளர்களுக்கும்,

வணக்கம். அந்த வெங்காயத் தோல் படம் உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கும். சாம்பல் நிறப் பின்னணி, செல் சுவர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத மங்கல், குறுக்கே வளைந்து வளைந்து ஓடும் வண்ணக் கோடுகள். அதன் கீழே, “ஐபீஸ் கேமரா என்ற பெயரில் வெப்கேமைக் கழற்றிக் குழாய்க்குள் போட்டு விற்கிறார்கள், ஃபோகஸே வேலை செய்யாது” என்று ஒரு வரி. ஆசிரியர் குழுக்களில் அது ஒரு சுற்று சுற்றிவிட்டு, கடைசியில் “இது உங்கள் கடைதானே?” என்று எங்களிடமே வந்து சேர்ந்தது. ஆமாம், எங்கள் கடைதான். எடுத்தவர் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. வகுப்பு நடக்கும்போது கருவி ஒத்துழைக்காவிட்டால் யாருக்கும் எரிச்சல் வரும், அந்தப் பீரியட் வீணானதற்கு எங்களுக்கும் வருத்தம்தான். அதே கேமராவை வரவழைத்து, பள்ளிகளில் இருக்கும் அதே ரக மைக்ராஸ்கோப்பில் பொருத்தி, வெங்காயத் தோலையே உரித்து வைத்துப் பார்த்தோம். அதில் தெரிந்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த வெப்கேம் பேச்சு. மற்றதையெல்லாம் விட்டுவிடலாம், இதை விட மனசு வரவில்லை. கேமராவைக் கணினியில் செருகினால் திரையில் USB Camera என்று பெயர் வருவது உண்மை. அமைப்புகளைத் திறந்தால் வெப்கேமுக்கு வரும் அதே பலகை வருவதும் உண்மை. காரணம், இரண்டும் யுவிசி என்ற ஒரே பொது முறையில் கணினியோடு பேசுகின்றன, அதனால் தனி டிரைவர் தேவையில்லை. பள்ளிக் கணினியில் டிரைவர் ஏற்ற அட்மின் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது என்று தேடுவதிலேயே ஒரு வகுப்பு போய்விடும் என்பதால் வேண்டுமென்றேதான் இந்த ரகத்தைத் தேர்ந்தெடுத்தோம். அந்தப் பலகையின் Camera Control பகுதியில் Zoom, Focus, Exposure, Iris, Pan என்று வரிசையாக இருக்கும். எந்தக் கேமராவைச் செருகினாலும் இதே பட்டியல்தான், செருகிய கேமராவில் இல்லாத வசதி சாம்பலாகி அசையாமல் நிற்கும். Focus அசையவில்லை என்றால் அது பழுது இல்லை, உள்ளே நகர்த்துவதற்கு லென்ஸ் இல்லை என்று அர்த்தம். வெப்கேமில்தான் முன்னால் ஒரு லென்ஸ் இருக்கும். இதில் இருப்பது சென்சாரும், படத்தைப் பாதியாகச் சுருக்கித் தரும் அசையாத ஒரு சிறு லென்ஸும்தான். படத்தை உருவாக்கும் வேலை முழுக்க மைக்ராஸ்கோப்பின் ஆப்ஜெக்டிவுக்கு, ஃபோகஸ் செய்யும் வேலை உங்கள் கையில் இருக்கும் குமிழுக்கு.

“5 மெகாபிக்சல் பொய்” என்றும் ஒருவர் சேர்த்திருந்தார். சென்சாரில் 2592 × 1944 புள்ளிகள் நிஜமாகவே இருக்கின்றன. அதைவிட முக்கியம், 40எக்ஸ் ஆப்ஜெக்டிவால் பிரித்துக் காட்ட முடிகிற மிகச் சிறிய இடைவெளி ஏறக்குறைய 0.4 மைக்ரோமீட்டர். சுருக்கும் லென்ஸையும் கணக்கில் சேர்த்தால் சென்சார் மேல் அது 20 மடங்காகி 8 மைக்ரோமீட்டராக விழுகிறது. எங்கள் சென்சாரின் ஒரு புள்ளி 2.2 மைக்ரோமீட்டர். அந்த மிகச் சிறிய இடைவெளிக்கே மூன்றரைப் புள்ளிகளுக்கு மேல் கிடைக்கும்போது, 10 மெகாபிக்சல் வாங்கினாலும் கோப்பு பெரிதாகுமே தவிர புதிதாக ஒன்றும் தெரியாது. சரி, இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இனி அந்தப் படம். மங்கலுக்குப் பாதிக் காரணம் வெளிச்சம். பின்னணி சாம்பலானது கேமராவின் தானியங்கி எக்ஸ்போஷரால். எதைப் பார்த்தாலும் சராசரியை நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவருவதுதான் அதன் வேலை, வெளுத்த பின்னணியைப் பார்த்தால் அதையும் சாம்பலாக்கிவிடும். எனவே ஸ்லைடில் தோல் இல்லாத வெறும் இடத்துக்கு நகர்த்தி, Exposure பக்கத்தில் இருக்கும் Auto குறியை எடுத்துவிட்டு, பின்னணி முழு வெள்ளைக்குச் சற்றுக் கீழே வரும்வரை நீங்களே சரிசெய்யுங்கள். அங்கே -5, -6, -7 என்று எண்கள் வரும். ஒவ்வொரு படி கீழே போகும்போதும் நேரம் பாதியாகும், -6 என்றால் வினாடியில் 64-ல் ஒரு பங்கு, -7 என்றால் 128-ல் ஒரு பங்கு. அதே வெற்றிடத்திலேயே White Balance-ஐயும் முடித்துவிட்டு அதன் Auto-வையும் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சாஃப்ரானின் போட்ட சிவப்புத் தோல் நடுவில் வந்ததும் கேமரா அந்தச் சிவப்பை ‘திருத்தி’ வெளிறச் செய்துவிடும்.

அப்புறம் மேடைக்குக் கீழே இருக்கும் டயாஃப்ரம். எங்களிடம் வந்த கேமராவோடு அவர்கள் அனுப்பிய மைக்ராஸ்கோப் புகைப்படத்தில் அது முழுசாகத் திறந்திருந்தது. நல்ல வெளிச்சம் வேண்டும் என்று எல்லோரும் செய்வதுதான், ஆனால் சாயம் போடாத செல் சுவர் கண்ணாடி மாதிரி, எல்லாப் பக்கமிருந்தும் ஒளி பாய்ந்தால் அது மறைந்தே போகும். 10எக்ஸில் ஃபோகஸ் செய்துவிட்டு ஐபீஸைக் கழற்றிக் குழாய்க்குள் பாருங்கள், அடியில் ஒரு ஒளிவட்டம் தெரியும். அந்த வட்டத்தின் அகலத்தில் முக்கால் பங்கு மட்டும் ஒளிரும்படி டயாஃப்ரத்தை மூடினோம், செல் சுவர்கள் திரையில் அப்படியே எழுந்து வந்தன. இன்னும் மூடினால் ஒவ்வொரு சுவரும் இரட்டைக் கோடாகத் தெரியும், அதைப் பார்த்து மாணவர்கள் இரண்டு சுவர் வரைந்துவிடுவார்கள். வெளிச்சம் கூடுதல் என்றால் விளக்கைக் குறையுங்கள், டயாஃப்ரத்தை அதற்குப் பயன்படுத்தாதீர்கள்.

மீதிப் பாதி ஃபோகஸ். முதலில் கண்ணால் பார்த்து 4எக்ஸிலும் பிறகு 10எக்ஸிலும் தெளிவாக்குங்கள், அதன்பிறகு ஐபீஸை எடுத்துக் கேமராவைச் செருகுங்கள். செருகியவுடன் திரையில் மங்கலாகத்தான் வரும், ஏனென்றால் கண்ணுக்குப் படம் சேரும் உயரமும் சென்சாருக்குச் சேரும் உயரமும் ஒன்றில்லை. பெரிய குமிழைத் தொடாதீர்கள், சிறிய குமிழ் மட்டும் போதும். இங்கேதான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள். நேரலைப் படத்தை 2592 × 1944 அளவிலேயே வைத்திருந்தால் யுஎஸ்பி 2.0 வழியாக வினாடிக்கு ஒரு சில படங்கள்தான் வந்து சேரும். நீங்கள் குமிழைத் திருப்பும்போது திரையில் இருப்பது பழைய படம், தெளிவான இடம் வந்து போனது தெரிவதற்குள் கை தாண்டிப் போயிருக்கும், திரும்ப வந்தால் திரும்பவும் தாண்டும். “ஃபோகஸே நிற்கவில்லை” என்ற புகாரின் உட்பொருள் இதுதான். நேரலையை 640 × 480-க்கு இறக்குங்கள், Low Light Compensation குறி இருந்தால் எடுத்துவிடுங்கள், படம் உடனுக்குடன் அசையும். எங்கள் மென்பொருளின் மூலையில் ஓடும் ஃபோகஸ் எண்ணைக் கவனியுங்கள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்குள் வெளிச்சம் எவ்வளவு வேறுபடுகிறது என்பதை அது அளக்கிறது, அவ்வளவுதான். குமிழைத் திருப்பத் திருப்ப எண் ஏறி, உச்சம் தொட்டு, இறங்கத் தொடங்கும், அந்த உச்சத்துக்குத் திரும்பி வாருங்கள். ஸ்லைடை நகர்த்தினால் எண்ணும் மாறிவிடும், எனவே ஒரே இடத்துக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். கவர் ஸ்லிப் மேல் கிடக்கும் தூசிக்கும் நல்ல எண் வரும், அதனால் கண்ணும் கூடவே இருக்கட்டும்.

Sharpness என்ற நகர்த்தியை ஃபோகஸ் என்று நினைத்து முழுசாக ஏற்றியிருந்தார்கள். அது ஓரங்களைச் சுற்றி வெள்ளை விளிம்பு போடும் வேலை மட்டுமே, போன விவரத்தைக் கொண்டுவராது. நடுவிலோ அதற்குக் கீழேயோ விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 10எக்ஸில் கண்ணால் பார்த்தால் 1.8 மில்லிமீட்டர் அகலம் தெரியும், கேமராவில் 1.1 மில்லிமீட்டர்தான். 40எக்ஸுக்குப் போனால் 0.3 மில்லிமீட்டர்கூட இல்லை, வெங்காயத்தின் ஒரு செல்லே அதற்குள் அடங்காமல் போகலாம். அதோடு அங்கே தெளிவாகத் தெரியும் ஆழமும் ஏறக்குறைய 1 மைக்ரோமீட்டர் மட்டுமே, நியூக்ளியஸ் தெளிவானால் சுவர் மங்கும். இது எந்தக் கேமராவிலும் அப்படித்தான். வெங்காயத்துக்கு 10எக்ஸ் போதும், நியூக்ளியஸ் தனியாக வேண்டுமென்றால் 40எக்ஸில் இரண்டாவது படம் எடுங்கள்.

கடைசியாகச் சேமிப்பு. புகார்ப் படத்தின் கீழ்மூலையில் கணினியின் கடிகாரம் தெரிகிறது, பார்த்தீர்களா? திரையைக் கைப்பேசியால் எடுத்திருக்கிறார்கள். அந்த வளைந்த வண்ணக் கோடுகள் திரையின் புள்ளிகளும் கைப்பேசியின் புள்ளிகளும் மோதுவதால் வருபவை, கேமராவில் இல்லை. நேரலையிலேயே பட்டைகள் மெதுவாக மேலும் கீழும் ஊர்ந்தால் அது வேறு, விளக்கின் துடிப்பு. PowerLine Frequency-யை உங்கள் மின்சாரத்துக்கு ஏற்ப 50 அல்லது 60 என்று மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும். திரைப்பிடிப்பும் வேண்டாம், அதில் 640 × 480 நேரலைதான் பதிவாகும். படமெடுக்கும் பொத்தானின் அளவை 2592 × 1944 என்று தனியாக வைத்து, PNG-ஆகச் சேமியுங்கள். சேமித்த கோப்பின் விவரங்களில் அந்த அளவு வருகிறதா என்று முதல் படத்திலேயே பார்த்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் ஆவணமாக அனுப்புங்கள், படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும்.

அந்தக் குழுவிலேயே எங்களுக்காக வாதாடி, தன் வகுப்பில் எடுத்த இலைத்துளைப் படத்தைப் போட்டுக் காட்டிய ஆசிரியைக்கும், புகாரை நம்பாமல் முதலில் எங்களைக் கூப்பிட்டுக் கேட்ட மற்றவர்களுக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பழுதான கேபிளுக்குக்கூட முகம் சுளிக்காமல் காத்திருந்து மறுபடியும் எங்களிடமே வந்தவர்கள் நீங்கள், இந்தக் கடை ஓடுவது உங்களால்தான். நேரில் வந்து பொருத்திக் கொடுத்துக்கொண்டிருந்த தம்பி வேறு வேலைக்குப் போய்விட்டதால் இனி அந்த உதவி காணொளி அழைப்பில் மட்டும், 30 மில்லிமீட்டர் குழாய்க்கான வளையமும் இனி தனியாகத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

படம் சரியாக வரவில்லை என்றால் மூன்று அனுப்புங்கள்: சுருக்காத மூலக் கோப்பு, Camera Control பலகையின் திரைப்பிடிப்பு, டயாஃப்ரம் தெரியும்படி மைக்ராஸ்கோப்பின் ஒரு புகைப்படம். முடிந்தால் ஸ்லைடைக் கொஞ்சம் நகர்த்தி இன்னொரு படமும். கரும்புள்ளி ஸ்லைடோடு நகர்ந்தால் தூசி ஸ்லைடில் இருக்கிறது, நகராமல் அங்கேயே நின்றால் பெரும்பாலும் கேமராவுக்குள். உள்ளே இருந்தால் துடைக்க வேண்டாம், அப்படியே எங்களுக்கு அனுப்பிவிடுங்கள்.

அன்புடன்,
கடை உரிமையாளர்