நேர்காணலில் தேர்வாகாமல் போனவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சென்னையில் ஐடி நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கும் வேலை என்னுடையது. ஒருமுறை "இல்லை" என்று பதில் வாங்கியவர்கள், அதே நிறுவனத்தில் வேறு வேலை திறக்கும்போது என்ன எழுத வேண்டும் என்பதைப் பற்றித்தான் இந்த மடல். பாதிப் பேர் எழுதுவதே இல்லை. வேண்டாம் என்றவர்களிடம் மறுபடி போய் நிற்பதா என்ற கூச்சம். எழுதுகிறவர்களில் பலர், போன தடவை தேர்வாகாத வருத்தத்தையே இரண்டு பத்திக்கு எழுதிவிட்டு, எந்த வேலைக்கு இப்போது கேட்கிறார்கள் என்பதை எழுத மறந்துவிடுகிறார்கள்.

"என் ரெஸ்யூமேதான் அவர்களிடம் இருக்கிறதே, தேவைப்பட்டால் கூப்பிடுவார்கள்" என்று இருந்துவிடாதீர்கள். எங்கள் மென்பொருளில் ஒவ்வொரு காலியிடத்துக்கும் தனி ஜாப் ஐடி உண்டு. உங்கள் விண்ணப்பம் பழைய எண்ணோடு ஒட்டிக்கொண்டு, அந்த இடம் நிரம்பியதும் அதோடு மூடிவிடும். உங்கள் விவரம் அழியாது. ஆனால் புது எண்ணின் பட்டியலில் உங்கள் பெயர் தானாக வராது. நீங்கள் விண்ணப்பிக்க வேண்டும், அல்லது நான் சேர்க்க வேண்டும். புது விளம்பரம் போட்ட சில நாளிலேயே விண்ணப்பங்கள் குவிந்துவிடும். பழையவர்களைத் தேடிப் பார்க்க நேரம் இருந்தால் நல்லதுதான், பெரும்பாலும் இருக்காது.

உங்கள் பெயரைத் திறந்தால் எனக்கு இன்னொன்றும் தெரியும்: எந்தச் சுற்றில், என்ன காரணத்துக்காக நின்றீர்கள் என்ற குறிப்பு. ரெஸ்யூமே பார்க்கும்போதே நின்றவர், டெக்னிக்கல் சுற்றில் நின்றவர், கடைசி இருவரில் ஒருவராக இருந்து இடம் இன்னொருவருக்குப் போனவர் என்று மூன்று வகை. மூன்றாவது வகையினர்தான் அவசியம் எழுத வேண்டியவர்கள். நேர்காணலில் நின்றவர்களுக்குப் பல நிறுவனங்களில் 'கூலிங் பீரியட்' உண்டு, அதாவது மறுபடி விண்ணப்பிக்கக் காத்திருக்க வேண்டிய இடைவெளி. ஆறு மாதம் என்பது அடிக்கடி கேட்கும் கணக்கு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். மேனுவல் டெஸ்டிங் செய்துவந்த ஒருவர். ஜனவரியில் டெக்னிக்கல் சுற்றில் நின்றார். ஆட்டோமேஷன் அனுபவம் இல்லை என்பது காரணம். ஆகஸ்டில் அதே குழுவில் ஏபிஐ டெஸ்டிங்குக்கு ஆள் தேவை. அவர் ஆங்கிலத்தில்தான் எழுதுவார், ஆனால் விஷயம் இவ்வளவுதான்:

"வணக்கம். ஜனவரியில் க்யூஏ இன்ஜினியர் வேலைக்கு உங்களிடம் இரண்டு சுற்று நேர்காணலுக்கு வந்திருந்தேன். ஆட்டோமேஷன் அனுபவம் போதாது என்று அப்போது சொன்னீர்கள். ஏப்ரல் முதல் இப்போதைய ப்ராஜெக்டில் போஸ்ட்மேனிலும் ரெஸ்ட் அஷ்யூர்டிலும் ஏபிஐ டெஸ்ட்களை நானே எழுதி வருகிறேன். இந்த வாரம் வந்த ஏபிஐ டெஸ்டர் வேலைக்குப் போர்ட்டலில் விண்ணப்பித்துள்ளேன். என்னைப் பரிசீலிக்க முடியுமா? நோட்டீஸ் பீரியட் 60 நாள். புதிய ரெஸ்யூமே இணைப்பில்."

இது என்னிடம் வந்தால் நான் எதையும் தேட வேண்டாம். யார், எப்போது வந்தார், ஏன் நின்றார், அதற்குப் பிறகு என்ன மாறியது, எப்போது சேரமுடியும், எல்லாம் இருக்கிறது. அப்படியே மேனேஜருக்கு ஃபார்வர்டு செய்துவிடலாம். இதில் உயிர் "ஏப்ரல் முதல்" என்று தொடங்கும் வரிதான். அங்கே "ஒரு கோர்ஸ் முடித்தேன்" என்று இருந்தால், மேனேஜர் போன தடவை கேட்டதையே மறுபடி கேட்பார். போன தடவை காரணம் எதுவும் சொல்லாமல்தான் "இல்லை" என்று மெயில் வந்ததா? ஊகித்து எழுத வேண்டாம். புது வேலைக்கு எது பொருந்துகிறதோ அதை மட்டும் எழுதுங்கள்.

சப்ஜெக்டில் புது ஜாப் ஐடியைப் போடுங்கள். முடிந்தால் பழைய மெயிலுக்கே ரிப்ளை செய்யுங்கள், பழைய பேச்சு கீழேயே இருக்கும். போர்ட்டலில் பழைய மெயில் ஐடி, பழைய போன் நம்பரையே கொடுங்கள். வேறு கொடுத்தால் இரண்டு பேர் என்று நினைத்து மென்பொருள் தனி விவரம் திறந்துவிடும், பழைய நேர்காணலில் வாங்கிய நல்ல குறிப்புகள் இதில் வராது. (பழைய குறிப்பு மறையட்டும் என்று வேண்டுமென்றே வேறு மெயிலில் வருபவர்களும் உண்டு. பெயரையும் பழைய கம்பெனியையும் பார்த்தாலே தெரிந்துவிடும்.) முதல் தடவை ஒரு கன்சல்டன்சி வழியாக வந்திருந்தால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். குறிப்பிட்ட காலத்துக்கு உங்கள் பெயர் அவர்கள் கணக்கில் இருக்கும், பிறகு தெரிய வந்தால் நடுவில் சிக்கல்.

என்னால் முடியாததையும் சொல்லிவிடுகிறேன். உங்களைப் பட்டியலில் சேர்க்கலாம், மேனேஜரிடம் ஒரு வார்த்தை சொல்லலாம், அவ்வளவுதான். எடுப்பது அவர். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து இரண்டு வரியில் ஒருமுறை நினைவூட்டுங்கள். கூலிங் பீரியட் முடியவில்லை என்று பதில் வந்தால், எந்தத் தேதியில் முடிகிறது என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதைச் சொல்ல எங்களுக்குத் தடை எதுவும் இல்லை.

இப்படிக்கு,
ஓர் ஆள்சேர்ப்பாளர்