ஆலோசகருக்குப் பணம் கொடுக்கும் முன்

அன்புள்ள செல்வம்,

தையல்காரர்கள் நிலைத்து நிற்பதில்லை, காரணம் கண்டுபிடிக்க ஒரு ஆலோசகரைப் பேசி முடித்துவிட்டேன் என்று எழுதியிருந்தாய். முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடு.

போன வருடம் எங்கள் டி-சர்ட்டில் கழுத்து ரிப்பும் உடல் துணியும் பகல் வெளிச்சத்தில் ஒரே நிறமாக இருந்தன. கடை விளக்கில் வேறுவேறாகத் தெரிந்தன. சாயம் தெரிந்த ஒருவரை அழைத்தேன். லைட் பாக்ஸில் இரண்டு ஒளியிலும் வைத்துப் பார்த்தார். ரிப்புக்குச் சாயப்பட்டறை வேறு சாயக் கலவை போட்டிருந்தது. கலவையை ஒன்றாக்கியதும் தீர்ந்தது. இன்னொரு நிபுணர் வந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

உன் பிரச்சினை அந்த வகை இல்லை என்பது என் எண்ணம். பிரச்சினைகளை வகை பிரித்துப் பார்க்க, ஐபிஎம்மில் இருந்த டேவ் ஸ்னோடன் 1999-இல் வகுத்த Cynefin என்ற முறை ஒன்று உண்டு. லேபிள் மாற்றித் தைப்பது போன்றவை எளியவை. விதியைப் பார்த்துச் சரிசெய்யலாம். நிறக் கோளாறு நுட்பமானது. ஆராய்ந்தால் விடை உண்டு. மின் பேனலில் தீப்பிடித்தால் அது குழப்ப நிலை. மின்சாரத்தை நிறுத்தி ஆட்களை வெளியேற்று, விசாரணை பிறகு. ஆட்கள் போவதோ பின்னிக் கிடப்பது. கூலி, விடுதி, ஊர்த் திருவிழா, மேஸ்திரியின் பேச்சு எல்லாம் ஒன்றையொன்று இழுக்கின்றன. நீ கை வைத்ததுமே நிலைமை மாறிவிடும். அதனால் முதலில் சிறிதாகச் செய்து பார்க்க வேண்டும்; ஆராய்ச்சி அதன் பின்னால் வரட்டும்.

எங்களிடம் மூன்று லைனில் மூன்று சோதனை வைத்தோம். ஒன்றில் வாரச் சம்பளம். ஒன்றில் அரை மணி முன்னதாக வேலை முடிப்பு. மூன்றாவதில் புதிதாக வந்தவரை அவருடைய ஊர்க்காரரான மூத்த தையல்காரர் பக்கத்தில் இரண்டு வாரம் உட்கார வைத்தோம். ஆறாவது வாரத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை மட்டும் எண்ணினோம். முதல் இரண்டில் பெரிய மாற்றம் இல்லை. மூன்றாவதில் பெரும்பாலோர் நின்றார்கள். மகிழ்ச்சியில் அதை உடனே அடுத்த ஷெட்டிலும் செய்தேன், அங்கே மூத்தவர்களே முணுமுணுத்தார்கள். சொல்லிக் கொடுக்கும் நேரத்தில் அவர்களுடைய பீஸ் ரேட் வருமானம் குறைந்திருந்தது. முதல் ஷெட்டில் மூத்தவர்கள் மாதச் சம்பளக்காரர்கள். எனக்கு அது தோன்றவே இல்லை. எந்த ஆலோசகரின் அறிக்கையும் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்காது. அந்த இரண்டு வாரத்துக்கு ஈட்டுத்தொகை கொடுத்த பிறகுதான் அங்கும் பிடித்தது.

ஒன்றை மறக்காதே. சோதனை தொடங்கும் முன்பே, எவ்வளவு நஷ்டம் தாங்கலாம், எதைக் கண்டால் நிறுத்துவது என்று எழுதி வை. தொடங்கிவிட்டால் கைவிட மனம் வராது. வாரச் சம்பளத்தை நான் ஒரு மாதம் கூடுதலாக இழுத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை வருகிறேன். ஆறு மாதத்தில் போனவர்கள் எத்தனையாவது வாரத்தில் போனார்கள் என்று ஒரு தாளில் எழுதி வை. இரண்டு லைனைத் தேர்ந்தெடுப்போம்.

அன்புடன்,
முருகேசன்