டிரிட்டியம் அளவு வேறு, தண்ணீரின் வயது வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்சென்னைக் குடியிருப்பு ஒன்றின் போர்வெல் தண்ணீரை டிரிட்டியம் சோதனைக்கு அனுப்பிய செய்தியைச் சென்ற இதழில் படித்தேன். மழையில் 3 அலகு, போர்வெல்லில் 1.5 அலகு, ஆகவே இது 12 ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை, மழைநீர்த் தொட்டிகள் நன்றாக வேலை செய்கின்றன என்று எழுதியிருந்தீர்கள். கணக்கு சரி. முடிவுதான் அவசரப்பட்டது.

டிரிட்டியம் ஹைட்ரஜனின் கதிரியக்க வகை. காஸ்மிக் கதிர்களால் வானத்தின் மேலடுக்கில் உண்டாகி, தண்ணீர் மூலக்கூறின் பாகமாகவே மழையில் இறங்குகிறது. மண்ணுக்குள் போன நீருக்குக் காற்றின் தொடர்பு அறுந்ததும் புதுவரவு நின்றுவிடும், இருப்பது 12.3 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். பத்தாயிரம் கோடி கோடி ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒரு டிரிட்டியம் அணு என்பதுதான் 1 அலகு. கடல் ஈரத்தில் டிரிட்டியம் குறைவு என்பதால் நம்மைப் போன்ற கரையோர ஊர்களின் மழையில் சில அலகுகளே இருக்கும். அதை அளக்க, அரை லிட்டர் நீரை மின்பகுப்பால் 20 மில்லிலிட்டர் அளவுக்குச் சுருக்குவார்கள். சாதாரண ஹைட்ரஜன் முதலில் வாயுவாகப் போய்விட, டிரிட்டியம் பெரும்பாலும் தங்கிவிடும்.

இப்போது அந்த 1.5 அலகுக்கு வருவோம். 12 ஆண்டு பழைய மழையாக இருக்கலாம். ஆனால் போர்வெல் என்பது பல ஆழத்து வெடிப்புகளிலிருந்து ஒரே குழாயில் நீரை இழுப்பது. போன வருட மழை பாதி, 1950க்கு முந்தைய நீர் பாதி கலந்து வந்தாலும் ஏறக்குறைய அதே 1.5தான் கிடைக்கும். பழைய பாதியில் டிரிட்டியம் அநேகமாகத் தீர்ந்திருக்கும். அப்போது '12 ஆண்டு' என்ற வயதுள்ள சொட்டு ஒன்றுகூட அந்தக் கிணற்றில் இருக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1952 முதல் நடந்த ஹைட்ரஜன் குண்டுச் சோதனைகளால் மழையில் டிரிட்டியம் ஏறி, 1963 வாக்கில் வட அரைக்கோளத்தில் உச்சத்தைத் தொட்டது. அதன்பின் ஐந்து முறை பாதியாகிவிட்டது. அன்று 100 அலகோடு இறங்கிய மழை இருந்தால், இன்று அதில் ஏறத்தாழ 3 அலகு இருக்கும். இன்றைய மழையின் அளவும் அதுவே! முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் குண்டுச் சோதனைக் கால மழைநீரை எளிதில் பிரித்தறிய முடிந்தது. இப்போது அந்த வசதி போய்விட்டது.

இந்தக் குழப்பத்தைத் தீர்ப்பது ஹீலியம்-3. டிரிட்டியம் சிதைந்தால் அதுவாகத்தான் மாறும். நீர்மட்டத்துக்குக் கீழே அது வெளியேற வழியில்லாமல் கரைந்தே கிடக்கும். மேலே சொன்ன 12 ஆண்டு மழையில் மிச்சமுள்ள டிரிட்டியத்துக்குச் சமமாக ஹீலியம்-3 இருக்கும். கலப்பு நீரில் புதுப்பாதி ஹீலியம் சேர்க்க நேரமே ஆகவில்லை. ஆனால் பழைய பாதியின் டிரிட்டியம் அநேகமாக முழுவதும் ஹீலியமாக மாறியிருக்கும் என்பதால் மொத்தத்தில் ஏறக்குறைய அதே அளவு கிடைக்கலாம், ஆகவே கலப்பை இது மட்டும் காட்டிக்கொடுக்காது. 1963 மழையிலோ 3 அலகு டிரிட்டியத்துக்கு 97 அலகு ஹீலியம். ஆனால் மாதிரி எடுப்பது கஷ்டம். செப்புக் குழாயில் ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பி இருமுனையையும் நெரித்து மூட வேண்டும். மோட்டார் காற்றோடு சேர்த்து இழுக்கும் போர்வெல்லில் ஹீலியம் தப்பிவிடும், தண்ணீர் உள்ளதைவிட இளமையாகத் தெரியும்.

மழைக்கு 3 அலகு என்பதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதையும் சொல்லியிருக்கலாம். கல்பாக்கத்தின் கனநீர் அணு உலைகள் டிரிட்டியம் வெளியிடுபவை, அதனால் இங்குள்ள மழையின் அளவு மாறியிருக்கலாம். (உடல்நலத்துக்கு அஞ்ச வேண்டாம், 3 அலகு என்பது கதிரியக்க அளவில் லிட்டருக்கு 0.4 பெக்கரலைக்கூட எட்டாது, உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டு அளவு 10,000.) ஆனால் வயதுக் கணக்குக்கு உள்ளூர் வடகிழக்குப் பருவமழையையே பிடித்து அளந்திருக்க வேண்டும்.

மழைநீர்த் தொட்டி விஷயத்துக்கு வருகிறேன். 2003இல் கட்டாயமாக்கப்பட்டதிலிருந்து அது பயன் தருகிறதா என்று எல்லோரும் கேட்கிறோம். இளமையான நீர் கிடைத்தாலும் அது தொட்டி வழியாக வந்தது என்று டிரிட்டியம் சொல்லாது. செம்பரம்பாக்கம், பூண்டி ஏரித் தண்ணீர் உடைந்த குழாயில் கசிந்தாலும், சாக்கடை கசிந்தாலும் அதிலும் இன்றைய டிரிட்டியம்தான். இதைப் பிரிக்க ஆக்சிஜனின் கனமான வகையான ஆக்சிஜன்-18 பார்க்கலாம். வெயிலில் ஆவியாகிக் கிடந்த ஏரி நீரில் நேரடி மழையைவிட அது கூடுதலாக இருக்கும். நைட்ரேட்டும் குளோரைடும் சேர்ந்து உயர்ந்திருந்தால் முதலில் சாக்கடையைச் சந்தேகிக்க வேண்டும்.

அந்தக் குடியிருப்போர் சங்கம் மறுபடி செலவு செய்வதாக இருந்தால், மழைக்கு முன் ஒன்று, ஜனவரியில் ஒன்று என இரண்டு மாதிரி கொடுக்கட்டும். அளவு இரண்டிலும் 1.5 ஆகவே நின்றால் 12 ஆண்டு என்பதற்குக் கொஞ்சம் வலு சேரும், மழைக்குப்பின் 2.5க்குத் தாவினால் அது கலப்பு நீர்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நிலத்தடி நீர்ப் பொறியாளர்,
திருவான்மியூர், சென்னை - 41